நிலத்துக்கு வரி இல்லை, ஆனால்...

கட்டிக்கொண்டிருக்கும் பிளாட்டுக்கு ஜிஎஸ்டி எவ்வளவு என்று எந்த விற்பனை அலுவலகத்தில் கேட்டாலும் "5 பர்சன்ட் சார்" என்று பதில் வரும். அரசின் அறிவிக்கையைப் புரட்டினால் அங்கே 7.5 சதவீதம் என்று இருக்கும். இரண்டும் சரிதான். நடுவில் நிலம் கழிகிறது.

ஜிஎஸ்டி சட்டப்படி நில விற்பனை, பொருள் விற்பனையும் அல்ல, சேவையும் அல்ல. எனவே அதற்கு இந்த வரி கிடையாது. கட்டிமுடிக்காத வீட்டை பில்டர் விற்கும்போது, கட்டித் தருவதை மட்டும் சட்டம் ஒரு சேவையாகப் பார்க்கிறது. ஆனால் பிளாட் வாங்குபவர் கொடுக்கும் பணம் இரண்டுக்கும் சேர்ந்தது: அடுக்ககம் நிற்கும் மனையில் அவருக்கு வரும் பிரிபடாத பாகம் ஒன்று, சுவரும் கூரையுமாக எழும் வீடு மற்றொன்று. முதலாவதைக் கழித்த பிறகே வரி போட வேண்டும். எவ்வளவைக் கழிப்பது?

2017 ஜூன் 28-ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை இதை ஒரே வரியில் முடித்துவிட்டது: மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு நிலத்தின் மதிப்பாகக் கொள்ளப்படும். மனை தியாகராய நகரில் இருக்கலாம், கூடுவாஞ்சேரியைத் தாண்டியும் இருக்கலாம், பங்கு ஒன்றுதான்.

சென்னையில் 90 லட்ச ரூபாய்க்கு ஒரு பிளாட் என்று வைத்துக்கொள்வோம். நிலத்துக்கு 30 லட்சம் கழிகிறது. மீதி 60 லட்சத்துக்கு 7.5 சதவீதம் போட்டால் நாலரை லட்சம். 90 லட்சத்தில் 5 சதவீதம் போட்டாலும் அதே நாலரை லட்சம்தான். பில்டர் சொல்லும் 5 சதவீதம், நிலத்தைக் கழித்த பின் கிடைக்கும் நிகர விகிதம். ஆகவே "5 சதவீதம்தானே, நிலத்தையும் கழித்து 60 லட்சத்துக்குப் போடுங்கள்" என்று வாதாடுவதில் பயனில்லை. ஒரே நிலத்தை இரண்டு முறை கழிக்க முடியாது. அதேபோல், முழு 90 லட்சத்துக்கும் 7.5 சதவீதம் கேட்டு பில் வந்தால் அது தவறான பில்.

சரிபார்ப்பதும் எளிது. 90 லட்சத்தில் பத்து சதவீதமாக 9 லட்ச ரூபாய்த் தவணை கேட்டு இன்வாய்ஸ் வருகிறது. அதில் நிலத்துக்கு 3 லட்சம் கழித்து, வரிக்குரிய மதிப்பு 6 லட்சம் என்று இருக்க வேண்டும். அதன்மேல் மத்திய ஜிஎஸ்டி 3.75 சதவீதம், 22,500 ரூபாய். மாநில ஜிஎஸ்டி அதே அளவு. ஆக மொத்தம் 45,000. ஒவ்வொரு தவணைக்கும் இதே கணக்குதான்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இங்கே நியாயமான ஒரு சந்தேகம் வரும். இங்கே பிரிபடாத பாகத்துக்குத் தனிக் கிரயப் பத்திரம், கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் என்று இரண்டாகப் போடுவது நெடுநாள் வழக்கம். பத்திரத்திலேயே நிலத்தின் விலை தனியாக இருக்கும்போது, கட்டுமான ஒப்பந்தத் தொகைக்கு மட்டும் வரி போட்டால் என்ன? அறிவிக்கை இதற்கும் வழியடைத்திருக்கிறது. "மொத்தத் தொகை" என்பது கட்டுமானத்துக்கான பணமும், நிலத்துக்கோ அதன் பிரிபடாத பாகத்துக்கோ வாங்கும் பணமும் சேர்ந்தது என்று விளக்கம் கொடுத்திருக்கிறது. எத்தனை பத்திரம் எழுதினாலும் கூட்டிப் பார்த்துத்தான் கழிக்கும்.

அரசின் பயம் புரிகிறது. தொகையைப் பிரித்து எழுதுவதை வாங்குபவர், விற்பவர் கையில் விட்டால், ஜிஎஸ்டிக்காக நிலத்தின் விலை ஏறும், கட்டுமானத்தின் விலை இறங்கும். வேடிக்கை என்னவென்றால், முத்திரைத் தீர்வை பிரிபடாத பாகத்தின் மேல் இருந்தவரை இங்கே ஆசை நேர் எதிராக இருந்தது: நிலத்தின் மதிப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு லாபம். 2023 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் புதிய பிளாட்டுகளை நிலமும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பில் பதியும் முறை வந்துவிட்டது.

ஆனால் ஒரே அளவுகோல் எல்லோருக்கும் பொருந்துமா? அந்த 90 லட்ச ரூபாய் பிளாட் நகரின் நடுவில் இருந்து, அதில் நிலத்தின் பங்கு உண்மையில் 60 லட்சம் என்றால், கட்டுமானம் 30 லட்சம்தான். அதற்கு வரி இரண்டே கால் லட்சம் வர வேண்டும். வாங்குபவர் கட்டுவதோ நாலரை லட்சம். புறநகரில் நிலத்தின் பங்கு 18 லட்சம்தான் என்றால் கணக்கு திரும்பிவிடும். உண்மைக் கட்டுமானத்தின்படி 5.4 லட்சம் வந்திருக்கும். மூன்றில் ஒரு பங்கு விதியால் 90,000 ரூபாய் மிச்சம். நிலம் விலை உயர்ந்த இடத்தில் வாங்குபவர்தான் இந்த விதியால் நிலத்துக்கும் சேர்த்து வரி கட்டுகிறார்.

இந்தக் குறை குஜராத் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மனையும் அதில் பங்களாவும் வாங்கிய ஒருவர், நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் தனித்தனியே விலை பேசியிருந்தார். அப்படியிருந்தும் மூன்றில் ஒரு பங்கை மட்டும் கழித்து மீதிக்கு 18 சதவீதம் வரி விதிக்கப்பட்டது. 2019 ஏப்ரலுக்கு முன் இருந்த விகிதம் அது. 2022 மே 6-ஆம் தேதி வந்த தீர்ப்பு, நிலத்தின் உண்மை மதிப்பு தெரியும்போது மூன்றில் ஒரு பங்கைக் கட்டாயமாகத் திணிப்பது சட்டத்துக்கு முரண் என்றது. நிலத்தின் மதிப்பைத் தனியே அறிய முடியாத இடத்தில், வரி செலுத்துபவர் விரும்பினால் அந்த முறையைப் பின்பற்றலாம் என்று விதியின் வீச்சைக் குறைத்தது. கூடுதலாக வாங்கிய வரியைத் திருப்பித் தரவும் சொன்னது.

தனி மனை, தனி விலை என்பதால் அந்த வழக்கில் நிலத்தின் மதிப்பில் குழப்பமில்லை. நூறு பேர் பங்குபோடும் அடுக்ககத்தில் அது அவ்வளவு சுலபமாக நிரூபணமாகாது. அதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. இந்த வரியை அரசுக்குச் செலுத்துபவர் பில்டர். எனவே முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவருடையதே. வாங்குபவரிடம் வசூலித்துக் கட்டும் வரிக்காக அவர் ஏன் துறையோடு மல்லுக்கட்ட வேண்டும்? தீர்ப்பு வந்த பிறகும் சென்னை பில்களில் பழைய மூன்றில் ஒரு பங்கே தொடர்வதில் ஆச்சரியமில்லை.

நிலம் கழியாத இடமும் ஒன்று இருக்கிறது. கட்டுப்படியாகும் விலை வீடுகளுக்கு நிகர வரி 1 சதவீதம்தான். சென்னை போன்ற பெருநகரில் கார்ப்பெட் ஏரியா 60 சதுர மீட்டருக்குள்ளும், மற்ற ஊர்களில் 90 சதுர மீட்டருக்குள்ளும், விலை 45 லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும். இந்த 45 லட்சத்தைப் பார்க்கும்போது நிலம், கார் பார்க்கிங், நல்ல மூலைக்கான கூடுதல் தொகை எல்லாம் உள்ளே வந்துவிடும். 44.5 லட்சத்துக்கு வரி 44,500 ரூபாய். அதோடு பார்க்கிங் 2 லட்சம் சேர்ந்து 46.5 லட்சமானால், வரி 2,32,500!

பணி நிறைவுச் சான்றிதழ் வந்த பிறகு முழுப் பணத்தையும் கொடுத்து வாங்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டியே இல்லை. "முழு" என்பதைக் கவனிக்க வேண்டும். சான்றிதழ் வருவதற்கு ஒரு வாரம் முன்பு அட்வான்ஸாக ஒரு லட்சம் கொடுத்தாலும், விலக்கு போய்விடும். 90 லட்ச ரூபாய் வீட்டுக்கு நாலரை லட்சம் கட்ட நேரும். கட்டடம் முடியும் தறுவாயில் இருந்தால், டோக்கன் கொடுக்கும் முன் சான்றிதழின் தேதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.