வேலிக்குள் வரி இல்லை

சிறப்புப் பொருளாதார மண்டலம் என்றால் வரிச்சலுகை என்பது பலருக்கும் தெரியும். அந்தச் சலுகையை நாடு முழுக்கத் தராமல், சில நூறு ஏக்கரைச் சுற்றி வேலி போட்டு அதற்குள் மட்டும் ஏன் தருகிறார்கள்?

காரணம் எளிது. எல்லோருக்கும் வரியைக் குறைத்தால், ஏற்கெனவே தொழில் நடத்தி வரி கட்டுபவர்களுக்கும் குறைத்தாக வேண்டும். புதிதாக ஒரு ஆலையும் வராமலே கஜானாவில் பெரிய ஓட்டை விழுந்துவிடும். புதிதாக வருபவருக்கு மட்டும் குறைத்தால், அரசு இழப்பது அவர் வராவிட்டால் கிடைத்தே இருக்காத பணம். இந்தக் கணக்கு பொய்க்காமல் இருக்கத்தான் வேலி. வெளியே ஓடிக்கொண்டிருக்கும் ஆலையைப் பிரித்து உள்ளே கொண்டுபோய்ச் சலுகை கேட்பதை வருமான வரிச் சட்டம் இதனாலேயே தடுத்தது. இந்தியாவில் முன்பே ஓடிய பழைய இயந்திரங்களின் மதிப்பு மொத்தத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் விதித்தது.

இந்தியாவுக்கு இந்த யோசனை புதிதல்ல. காண்ட்லாவில் 1965-லேயே ஏற்றுமதி மண்டலம் வந்தது, தாம்பரத்தில் 1984-ல். ஆனால் தனிச் சட்டம் 2005-ல்தான் வந்தது. அதன்படி, மண்டலத்துக்குள் தொடங்கும் ஆலையின் ஏற்றுமதி லாபத்துக்கு முதல் ஐந்து ஆண்டுகள் வருமான வரியே கிடையாது. அடுத்த ஐந்து ஆண்டுகள் பாதி லாபத்துக்கு விலக்கு. அதற்கடுத்த ஐந்து ஆண்டுகளில், லாபத்தைத் திரும்பத் தொழிலில் போட்டால் அதிலும் ஒரு பங்குக்குச் சலுகை.

வருமான வரியைவிட நுட்பமானது சுங்கச் சலுகை. 100 ரூபாய்க்கு உதிரிபாகம் இறக்குமதி செய்கிறீர்கள், அதற்குச் சுங்கம் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வெளியே இருக்கும் ஏற்றுமதியாளருக்கும் அந்த 10 ரூபாய் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். ஆனால் முதலில் கட்டிவிட்டு, சரக்கை அனுப்பிவிட்டு, தாள்களைக் காட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதுவரை வட்டி அவர் தலையில். மண்டலத்துக்குள் அந்தப் பணத்தைக் கட்டவே வேண்டாம். சுங்கக் கணக்கில் அந்த இடம் வெளிநாடு மாதிரி. அங்கிருந்து ஒரு பொருள் வேலியைத் தாண்டி உள்ளூர்ச் சந்தைக்கு வந்தால், இறக்குமதியான பொருளாகவே நடத்தப்படும்.

சிக்கலும் அந்த வாசலில்தான். எது வெளிநாடு போனது, எது உள்ளூரில் விற்றது என்று பிரிப்பதில் சலுகை முழுவதும் தொங்குகிறது. இதற்கு நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா. 2006-ல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலையில், உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளும் அதே வளாகத்தில் வந்து உட்கார்ந்தன. மண்டலம் எதற்காக என்று கேட்டால் கைகாட்டக்கூடிய இடமாக அது இருந்தது.

2013-ல் வருமான வரித்துறை, பின்லாந்துத் தாய்க் கம்பெனிக்கு மென்பொருளுக்காக அனுப்பிய பணத்தில் வரி பிடிக்கவில்லை என்று சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டது. இது மண்டலச் சலுகை பற்றிய வழக்கே அல்ல. அடுத்து வந்ததுதான் வேலியைப் பற்றியது. ஏற்றுமதி என்று காட்டிய போன்கள் உள்நாட்டிலேயே விற்கப்பட்டன என்று சொல்லி, மாநில அரசு 2014-ல் சுமார் 2,400 கோடி ரூபாய் வாட் வரி கேட்டது. நோக்கியா அதை மறுத்தது. சொத்துகள் முடக்கப்பட்டதால், மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கியபோது இந்த ஆலை மட்டும் விடுபட்டுப் போனது. ஆர்டர் நின்றது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியும் நின்றது.

வரிச் சண்டை மட்டுமே ஆலையை மூடிவிட்டது என்று சொல்ல முடியாது. அந்த ஆண்டுகளில் ஸ்மார்ட்போன் சந்தையே நோக்கியாவின் கையைவிட்டுப் போயிருந்தது. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். முதலீட்டாளர் வருவதற்கு முன் கணக்குப் போட்ட விதி, வந்தபிறகும் அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கைதான் சலுகையின் பாதி மதிப்பு. அதை அரசுகளே குலைத்தன. 2011 பட்ஜெட்டில் மண்டல ஆலைகளுக்கும் 18.5 சதவீதக் குறைந்தபட்ச மாற்று வரி வந்தது. ‘வரி இல்லை’ என்று சொல்லி அழைத்த ஆறே ஆண்டுகளில் நடந்தது இது.

பிறகு வேலியின் அவசியமே குறைந்தது. 2019-ல் புதிய உற்பத்திக் கம்பெனிகளுக்கு நாடு முழுக்க 15 சதவீத வரி அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு, ஏற்றுமதியோடு கட்டிய இத்தகைய சலுகைகள் விதிமீறல் என்று உலக வணிக அமைப்பின் குழு இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2020-க்குப் பிறகு தொடங்கும் ஆலைகளுக்கு அந்த வருமான வரி விலக்கு இல்லை.

அப்படியும் ஸ்ரீபெரும்புதூருக்குத் தொழிற்சாலைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. துறைமுகமும் விமான நிலையமும் பக்கத்தில், வேலை பழகிய ஆட்களும் உதிரிபாகக்காரர்களும் அங்கேயே. நோக்கியாவின் மூடிக்கிடந்த ஆலையை, சார்ஜர் செய்யும் சால்காம்ப் வாங்குவதாக 2019-ல் அறிவிப்பு வந்தது. என் கணிப்பில், வரிச்சலுகை முதல் ஆலையைக் கூட்டிவரும். இரண்டாவது ஆலையை அழைத்து வருவது முதல் ஆலை விட்டுச்சென்ற ஆட்களும் சாலையும்தான்.