தலைக்குள் ஒரு பிறை

சென்ற வாரம் இடுப்பெலும்பு முறிவைப் பார்த்தோம். விழுந்த அன்றே அது தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆளால் எழும்ப முடியாது. இந்த வாரம் எழுதுவது, விழுந்தவர் எழும்பி நடந்து, தேத்தண்ணி குடித்து, வாரக்கணக்கில் சுகமாகத் திரிய விடுகிற காயத்தைப் பற்றி.

பிரேசில் ஜனாதிபதி லூலா 2024 ஒக்ரோபர் 19ஆம் திகதி குளியலறையில் விழுந்தார். அப்போது அவருக்கு 78 வயது. பின்மண்டையில் தையல் போட்டார்கள், தூரப் பயணம் வேண்டாம் என்றார்கள். அவரும் வேலைக்குத் திரும்பிவிட்டார். ஏழு வாரம் கழித்து, டிசம்பர் 9ஆம் திகதி, தலையிடி வந்தது. ஸ்கானில் மண்டையோட்டுக்குள் இரத்தம் தெரிந்தது. அன்றிரவே சாவோ பாவுலோவுக்கு விமானத்தில் கொண்டுபோய், விடியுமுன் சத்திரசிகிச்சை செய்து இரத்தத்தை வெளியேற்றினார்கள்.

ஏன் இத்தனை வாரம்? வயதாக ஆக மூளை சுருங்குகிறது. அதன் மேற்பரப்பிலிருந்து கடின உறைக்குப் போகும் மெல்லிய நாளங்கள் இழுபட்டு நிற்கின்றன. கிணற்றடியில் வழுக்குவதோ கட்டிலிலிருந்து சரிவதோ போதும், ஒன்று அறுந்துவிடும். சுருங்கிய மூளையைச் சுற்றி இடம் இருப்பதால் கசியும் இரத்தம் உடனே எதையும் நெருக்காது. பிறகு அந்த இரத்தத்தைச் சுற்றி ஒரு சவ்வு வளர்கிறது. சவ்வில் முளைக்கும் புதிய நாளங்கள் பலவீனமானவை. அவை திரும்பத் திரும்பக் கசிய, சேர்க்கை பெருத்துக்கொண்டே போகும்.

சி.ரி. ஸ்கானில் இது மண்டையோட்டின் உட்புறத்தை ஒட்டிய பிறையாகத் தெரியும். முதல் சில நாட்களில் பிறை வெள்ளை. யாரும் தவறவிட மாட்டார்கள். மூன்று வாரத்துக்குப் பிறகு கறுப்பு. இடைப்பட்ட நாட்களில்தான் ஆபத்து: அப்போது பிறையும் மூளையும் ஒரே சாம்பல் நிறம். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் மூளையின் நடுக்கோடு மறுபக்கம் தள்ளப்பட்டிருப்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இரு பக்கமும் சமமாக இருந்தால் நடுக்கோடும் அசையாது. எண்பது வயது மூளையில் மடிப்புகளுக்கிடையே அகலமான இடைவெளிகள் இருக்க வேண்டும். அவை இல்லாமல், படம் வயதுக்குப் பொருந்தாத இளமையோடு இருந்தால் அனுபவமுள்ள கண் அங்கே நிற்கும். "மூன்று வாரத்துக்கு முதல் விழுந்தவர்" என்று கோரிக்கைத் தாளில் ஒரு வரி இருந்தால், படம் பார்ப்பவர் அதைத் தேடியே பார்ப்பார்.

இனித் தீவுக்கு வருவோம். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் படகு. அங்கிருந்து தரைவழியே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. இவ்வளவு பாடுபட்டுப் போய், விழுந்த அன்று எடுத்த ஸ்கானில் ஒன்றும் இல்லையென்று கேட்டுத் திரும்பிய குடும்பம், நாலாம் வாரத்தில் ஆச்சி பெயரை மாறிச் சொல்வதைப் பார்த்து மறுபடி படகேறுமா? "வயசு போட்டுது" என்றுதான் சொல்லும். முதல் நாள் ஸ்கான் அன்றைய நிலையை மட்டுமே சொல்லும். பிறகு சேரும் இரத்தத்துக்கு அது சாட்சியாகாது. நான் இந்த வாரம் சொல்ல வந்தது இதைத்தான்.

கவனிக்க வேண்டியவை சின்ன மாற்றங்கள். நாளுக்கு நாள் கூடும் தலையிடி, பகலிலும் தூக்கம், ஒரு கால் இழுபடும் நடை, கையிலிருந்து கோப்பை நழுவுவது, புதிதாகப் படுக்கை நனைவது. ஒரு நாள் தெளிவாகவும் மறுநாள் குழப்பமாகவும் இருப்பதும் இந்த நோயின் குணம். ஒரு கை சோர்ந்தால் பாரிசவாதம் என்றே நினைப்போம். பாரிசவாதத்துக்கு அஸ்பிரின் கொடுப்பதுண்டு. தலைக்குள் இரத்தம் சேர்ந்திருக்கும் ஒருவருக்கு அதே குளிசை கேடாகலாம். எனவே ஸ்கான் பார்க்கும்வரை வீட்டில் யாரும் தாமாக அதைக் கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே வோபரின், குளோபிடோகிரல் எடுப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். அவர்கள் தலை அடிபட விழுந்தால், சுகமாக இருந்தாலும் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். ஆனால் குளிசையைத் தாமாக நிறுத்தவும் கூடாது. இருதய வால்வுக்காக வோபரின் எடுப்பவருக்கு அதனால் வேறு ஆபத்து வரும்.

சிகிச்சை பெரும்பாலும் எளிது. மண்டையோட்டில் ஓரிரு துளைகள் இட்டுப் பழைய இரத்தத்தைக் கழுவி வெளியேற்றி, இரண்டு நாள் வடிகுழாய் வைப்பார்கள். கேம்பிரிட்ஜில் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது: குழாய் வைக்காதவர்களில் 24 சதவீதமானோருக்கு இரத்தம் திரும்பச் சேர்ந்தது, வைத்தவர்களில் ஏறத்தாழ 9 சதவீதம். லூலாவுக்கு இரண்டு நாள் கழித்து, சவ்வுக்கு இரத்தம் கொடுக்கும் நாடியையும் அடைத்தார்கள்.

ஊர்காவற்றுறையிலோ நயினாதீவிலோ நெடுந்தீவிலோ வீட்டில் முதியவர் விழுந்தால், அந்தத் திகதியைக் கிளினிக் கொப்பியின் முன் அட்டையில் எழுதி வையுங்கள். அடுத்த மூன்று மாதத்துக்குள் எந்த வைத்தியரிடம் போனாலும், எந்த வருத்தத்துக்குப் போனாலும், முதலில் அந்தத் திகதியைச் சொல்லுங்கள்.