கருப்பட்டிக்கு 25 வினாடிப் படம்

அன்பான விவசாயப் பெருமக்களே, வணக்கம்!

கைபேசியில் சிறு படம் எடுத்துப் போட்டுச் சொந்தச் சரக்கை விற்பது இப்போது பழகிப்போன விஷயம். ஆனால், "பத்துப் படம் போட்டாச்சு, ஒரு ஆர்டரும் வரல்லையே" என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். உதாரணத்துக்குக் கருப்பட்டியை எடுத்துக்கொள்வோம்.

முதலில் தொடக்கம். சிறு படம் பார்க்கிறவரின் கட்டை விரல் திரையின் மேலேயே இருக்கிறது. இரண்டு மூன்று வினாடியில் பிடிக்கவில்லையென்றால் மேலே தள்ளிவிட்டுப் போய்விடுவார். நான் இங்கே வணக்கம் சொல்லித் தொடங்கலாம். அங்கே அது ஆகாது. "வணக்கம் உறவுகளே, எங்க ஊர் பேரு..." என்று ஆரம்பிப்பதற்குள் ஆள் போயாச்சு. அப்படியானால் எதைக் காட்டுவது? வாங்குகிறவர் மனசில் உள்ள சந்தேகத்தைக் காட்ட வேண்டும். கருப்பட்டி என்றதும் அவர் கேட்பது, "இதிலே சீனி கலந்திருக்கா?" என்பதுதான். ஆகவே சிரட்டையைக் கவிழ்த்துக் கருப்பட்டியைத் தட்டி எடுத்து இரண்டாக உடைப்பதே முதல் காட்சி. அதன் மேல் பெரிய எழுத்தில் "இதில் சீனி உண்டா?" என்று போடுங்கள். சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்க்கிறவர்களும் உண்டு, எழுத்து அவர்களுக்கு. திரையின் அடியிலும் வலது ஓரத்திலும் எழுத்து வேண்டாம். அங்கே வரும் பொத்தான்கள் அதை மறைத்துவிடும்.

அடுத்தது நீளம். யூடியூப் சிறு படத்துக்கு முன்பு 60 வினாடிதான் எல்லை. 2024 அக்டோபரில் 3 நிமிஷம் வரை என்று கூட்டினார்கள். நிலம் பெரிசு என்பதற்காக விதையைக் கொட்ட முடியுமா? ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில். 25 வினாடி போதும். உடைப்பதற்கு 3 வினாடி. உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறங்குவது 5 வினாடி. அடுப்பில் கொதிப்பது 5 வினாடி. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்ப்பது 4 வினாடி. சிரட்டையில் ஊற்றுவது 4 வினாடி. கடைசி 4 வினாடியில், எந்த ஊர்களுக்கு அனுப்புவீர்கள், எப்படிக் கேட்பது என்று சொல்லுங்கள். விலையைப் படத்துக்குள் எழுதவேண்டாம். படம் மாதக் கணக்கில் சுற்றும். விலையோ ஏறி இறங்கும். படத்தின் கீழே எழுதும் குறிப்பில் போட்டால் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

படம் பிடித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பார்வை எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். 2025 மார்ச் 31 முதல் யூடியூப்பில் சிறு படம் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று கணக்கு. அதனால் தள்ளிவிட்டவரும் அதில் சேர்ந்துவிடுவார். எந்த வினாடியில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று காட்டும் கோடு ஒன்று உங்கள் கணக்கில் இருக்கிறது. அதைப் பாருங்கள். முதல் மூன்று வினாடியிலேயே கோடு செங்குத்தாக விழுந்தால் தொடக்கம் சரியில்லை. நடுவில் விழுந்தால் அந்தக் காட்சி இழுக்கிறது, வெட்டிவிடுங்கள். கடைசியில் விழுந்தால் கவலை வேண்டாம். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

இனி, எத்தனை நாளைக்கு ஒன்று போடுவது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பருவத்தில் உற்சாகமாகத் தினம் ஒன்று போடுவார்கள். பனை ஓய்ந்ததும் இவர்களும் ஓய்ந்துவிடுவார்கள். பதநீர் கிடைப்பது வருஷத்தில் சில மாதம்தான். கருப்பட்டியோ மழைக்காலத்துச் சுக்குக் காப்பிக்கும் வேண்டும். அதனால் படத்தையும் விதைபோலச் சேமித்து வைக்க வேண்டும். காய்ச்சும் நாளில் கைபேசியை நெட்டுக்குப் பிடித்து ஒவ்வொரு வேலையையும் இரண்டு மூன்று பக்கமிருந்து எடுத்து வையுங்கள். ஒரு நாள் எடுத்ததில் ஆறு சிறு படம் தேறும். நாலு நாள் எடுத்தால் 24 படம். வாரத்துக்கு இரண்டாக, செவ்வாய், வெள்ளி என்று நாள் வைத்துப் போட்டால் 12 வாரத்துக்கு வரும்.

ஒரு எச்சரிக்கை. சித்திரையில் எடுத்ததைக் கார்த்திகையில் போடும்போது "இன்று காய்ச்சியது" என்று சொல்லக்கூடாது. "சித்திரையில் காய்ச்சிச் சேமித்தது" என்றே சொல்லுங்கள். சீனி உண்டா என்று கேட்கிறவரிடம் நாம் விற்பது நம்பிக்கையைத்தானே? சரக்கு தீர்ந்துவிட்டால் அதையும் குறிப்பில் எழுதிவிடுங்கள். பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தவர் மறுபடி நம் பக்கம் வரமாட்டார்.

இரண்டு விதத் தொடக்கத்தை ஒப்பிட விரும்பினால், மீதிக் காட்சிகளை மாற்றாமல் தொடக்கத்தை மட்டும் மாற்றி, இரண்டு வாரம் இடைவெளி விட்டுப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எதனால் விற்றது என்று தெரியாது. வயலில் உரத்தைச் சோதிக்கும்போது ஒரு பாத்திக்குப் போட்டு, பக்கத்துப் பாத்தியைச் சும்மா விட்டுப் பார்க்கிறோமே, அதே முறைதான் இது. எந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஆர்டர் செய்தார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு நோட்டில் குறித்துவையுங்கள். அடுத்த பருவத்தில் எதைப் படம் எடுப்பது என்று அந்த நோட்டே சொல்லும்.