கால் மரத்துப்போனால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

ஆஸ்திரேலியாவில் மெக்னீசிய மாத்திரைக்கு நல்ல கிராக்கி. இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறதா, தூக்கம் சரியில்லையா, உடம்பு அசதியா, எதற்கெடுத்தாலும் ஒரு டப்பா வாங்கிவிடுவார்கள். சீட்டு தேவையில்லை, சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். டப்பாவின் முகப்பில் மெக்னீசியம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தால், பல டப்பாக்களில் ‘பைரிடாக்சின் ஹைட்ரோகுளோரைடு’ என்று ஒரு வரி இருக்கும். அதுதான் வைட்டமின் பி6. மெக்னீசியம் உடலில் நன்றாகச் சேரும் என்று சொல்லி அதையும் கலந்துவிடுகிறார்கள். வாங்கியவருக்கோ தான் பி6 சாப்பிடுவதே தெரியாது.

பல மாதங்கள் கழித்து அவருக்குப் பாதம் எரிகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. டாக்டர் “என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டால், பிரஷர் மாத்திரையைச் சொல்வார், சர்க்கரை மாத்திரையைச் சொல்வார். இந்த டப்பாவைச் சொல்ல மாட்டார். சத்து மாத்திரையை யார் மருந்துக் கணக்கில் சேர்க்கிறார்கள்?

பி6 நமக்கு வேண்டியதுதான். ஆனால் ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 2 மில்லிகிராம் போதும். வாழைப்பழம், கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு, மீன், கோழி என்று சாதாரணச் சாப்பாட்டிலேயே அது கிடைத்துவிடும். சாப்பாட்டால் பி6 அதிகமாகி நரம்பு கெட்டுப்போவதில்லை. மாத்திரையில்தான் 25, 50, 100 என்று எண்கள் எகிறுகின்றன.

“தண்ணீரில் கரையும் வைட்டமின்தானே, மிச்சம் சிறுநீரில் போய்விடும்” என்று படித்தவர்களே சொல்வார்கள். பி காம்ப்ளக்ஸ் சாப்பிட்டதும் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாக வருவது அவர்களுக்குச் சாட்சி. அந்த மஞ்சள் பி2-வின் நிறம். பி6 வெளியேறியதா, உள்ளே தங்கியதா என்று அது ஒன்றும் சொல்லாது.

பி6 நரம்பைக் கெடுக்கும் என்பது நேற்றுத் தெரிந்த சேதியும் அல்ல. பெரிய அளவில் கொடுத்தால் விலங்குகள் நடை தள்ளாடும் என்று 1942-லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். மனிதர்களிடம் அதைப் பார்த்தது 1983-ல். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஷாம்பர்க் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஏழு பேரைப் பற்றி எழுதினார்கள். அதில் ஒருவர் 27 வயதுப் பெண். மாதவிடாய்க்கு முன் உடம்பு ஊதுகிறது என்று பி6 சாப்பிட ஆரம்பித்தவர். முதலில் நாளுக்கு 500 மில்லிகிராம்; கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 5 கிராம் வரை போய்விட்டார்.

முதலில் கழுத்தைக் குனிந்தால் முதுகு வழியாகக் கால் வரை சுரீர் என்று ஓடியது. பிறகு நடை தள்ளாடியது, இருட்டில் இன்னும் மோசம். சின்னப் பொருள்களைக் கையில் பிடிக்க முடியவில்லை. கடைசியில் கைத்தடி இல்லாமல் நடக்க முடியாத நிலை. ஆனால் தசையின் பலம் குறையவே இல்லை. மாத்திரையை நிறுத்தினார்கள். சில மாதங்களில் தடியை விட்டுவிட்டு நடந்தார், வேலைக்கும் திரும்பினார். முழுக்கப் பழைய நிலைக்கு வந்தாரா என்றால், இல்லை. கணுக்காலில் அதிர்வை உணரும் திறன் அப்போதும் திரும்பியிருக்கவில்லை.

பலம் இருந்தும் ஏன் நடக்க முடியவில்லை? பி6 தாக்குவது உணர்வு நரம்புகளை. தசையை அசைக்கும் நரம்புகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. உணர்வு நரம்புகளின் தாய்ச் செல்கள் முதுகுத்தண்டை ஒட்டி இருபுறமும் சின்ன முடிச்சுகளாக இருக்கின்றன. மூளைக்கும் மற்ற நரம்புகளுக்கும் இரத்தத்திலிருந்து வேண்டாததை உள்ளே விடாத ஒரு தடுப்பு உண்டு. இந்த முடிச்சுகளில் அந்தத் தடுப்பு பலவீனம். இரத்தத்தில் எது மிகுந்தாலும் இங்கே சுலபமாக நுழைந்துவிடும்.

அங்கே என்ன நடக்கிறது என்பதற்கு 2017-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள். மாத்திரையில் வரும் பைரிடாக்சின் நேரடியாக வேலை செய்யாது. உடல் அதை வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்ட பிறகுதான் வேலைக்கு ஆகும். மாறாத பைரிடாக்சின் அளவுக்கு மீறிக் குவிந்தால், வேலை செய்யும் வடிவம் உட்கார வேண்டிய இடத்தில், பஸ் சீட்டில் துண்டு போட்டுவைப்பது போல, இது இடம்பிடித்துவிடுகிறது. அதனால்தான் பி6 அதிகமானாலும், குறைந்தாலும், தொல்லை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. இது இன்னும் முழுதாக நிரூபணமாகாத விளக்கம். அதற்குள் ‘வேலை செய்யும் வடிவிலேயே தருகிறோம், ஆகவே ஆபத்தில்லை’ என்று விலையைக் கூட்டி விற்பவர்கள் வந்துவிட்டார்கள். அந்த வடிவம் ஆபத்தில்லாதது என்று யாரும் உறுதி செய்யவில்லை.

நாளுக்கு 5 கிராம் யார் சாப்பிடப் போகிறார்கள் என்று தோன்றலாம். இன்றைய சிக்கல் அதைவிடச் சின்ன எண்களில் இருக்கிறது. சிட்னியிலோ மெல்போர்னிலோ உள்ள ஒரு பெண்ணுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கால் பிடிப்புக்கு மெக்னீசியம்: ஒரு மாத்திரையில் 25 மி.கி. பி6; நாளுக்கு இரண்டு என்று டப்பாவில் போட்டிருக்கிறது, ஆக 50. அலுவலக டென்ஷனுக்கு ஒரு பி காம்ப்ளக்ஸ், அதில் 50. காலையில் ஒரு மல்டிவிட்டமின், அதில் 10. மத்தியானம் தூக்கம் கலைய ஒரு எனர்ஜி டிரிங்க், அதில் 5. மொத்தம் 115 மி.கி. இதில் எந்தப் பொருளும் தனியாக 50-ஐத் தாண்டவில்லை. நாலும் சேர்ந்து தேவையைப் போல ஐம்பது மடங்குக்கு மேல் போய்விட்டது.

லேபிளைப் படிக்கும்போது கண்ணை ஏமாற்றும் இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, எண் ஒரு மாத்திரைக்கா, ஒரு நாளுக்கா என்பது. இன்னொன்று, உப்பின் எடை. ‘பைரிடாக்சின் ஹைட்ரோகுளோரைடு 60.8 மி.கி., பைரிடாக்சின் 50 மி.கி.க்குச் சமம்’ என்று சில டப்பாக்களில் இருக்கும். பார்க்க வேண்டியது பின்னால் வரும் எண். பெயரும் பைரிடாக்சின் என்றே வராது. பைரிடாக்சல், பைரிடாக்சல் ஃபாஸ்பேட் என்றும் வரும். ‘பைரிடாக்ஸ்’ என்று தொடங்கினால் பி6 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வரை போகலாம் என்பதில் நாடுகளுக்குள் ஒற்றுமை இல்லை. அமெரிக்கா 1998-ல் வைத்த உச்சவரம்பு 100 மி.கி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 25 என்று வைத்திருந்ததை 2023-ல் 12 ஆகக் குறைத்தது. பிரிட்டனில் டாக்டர் சொல்லாமல் 10-க்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல், நாளுக்கு 10 மி.கி.க்கு மேல் தரும் பொருளிலெல்லாம் நரம்பு எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்றது. பெரியவர்களுக்கான உச்ச அளவை 200-லிருந்து 100-க்கு இறக்கியது. அதற்குப் பிறகும் புகார்கள் நிற்கவில்லை. 50 மி.கி.க்கு மேல் உள்ளவை 2027 பிப்ரவரி முதல் மருந்தாளரைக் கேட்டுத்தான் வாங்க முடியும் என்று முடிவாகியிருக்கிறது. இந்த அளவுக்குக் கீழே, இத்தனை நாளுக்குள் என்றால் ஆபத்தே இல்லை என்று கோடு போட முடியவில்லை என்பதை அந்த அமைப்பே ஒப்புக்கொள்கிறது. ஒருவர் 100 மி.கி. வருஷக்கணக்கில் சாப்பிட்டும் ஒன்றும் ஆகாமல் இருப்பார். இன்னொருவருக்கு அதில் பாதியிலேயே பாதம் எரியும். என்னைக் கேட்டால், காரணமில்லாமல் சாப்பிடும் ஒரு பொருளுக்கு அமெரிக்காவின் 100-ஐப் பிடித்துக்கொண்டு நிற்பதில் அர்த்தமில்லை.

நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இங்கே கால் மரத்தால் முதலில் கேட்பதே ‘நரம்பு மாத்திரை’, ‘நரம்பு ஊசி’. பி1, பி6, பி12 கலந்த ஊசிகளில் ஒரு தடவைக்கே 100 மி.கி. பி6 இருப்பது சகஜம். மாத்திரைகள் எல்லாம் அப்படியல்ல. பலவற்றில் 3 மி.கி.தான், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. வம்பு எங்கே என்றால், எரிச்சல் வந்ததும் நரம்பு மாத்திரையை இரட்டிப்பது. எரிச்சலுக்குக் காரணமே பி6-ஆக இருந்தால், நோயையே மருந்து என்று சாப்பிடுகிறோம். சர்க்கரைக்காரர் என்றால் பழி முழுவதும் சர்க்கரை மேல் விழுந்துவிடும். பி6-ஐ யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

எப்படிச் சந்தேகிப்பது? எரிச்சல், ஊசி குத்தல், மரப்பு ஆகியவை இரண்டு காலிலும் ஒரே மாதிரி வரும்; சிலருக்குக் கையிலும் சேர்ந்தே வரும். செருப்பு கழன்றுவிழுந்தது தெரியாமல் நடந்துபோவார்கள். சட்டைப் பொத்தானைப் பார்க்காமல் மாட்ட முடியாது. முகம் கழுவக் கண்ணை மூடினால் உடம்பு ஆடும். பாதத்திலிருந்து சேதி வராதபோது கண்தான் நம்மை நிறுத்திவைக்கிறது. நரம்பு மின்கடத்தல் சோதனையில் உணர்வு நரம்புகளின் அலை சிறுத்தோ மறைந்தோ இருக்கும், தசை நரம்புகள் சரியாக இருக்கும். இரத்தத்தில் பி6 அளவையும் பார்க்கலாம். மாத்திரையை நிறுத்திப் பல வாரம் ஆன பிறகு பார்த்தால் அளவு இறங்கியிருக்கும் என்பதால், கடைசியாக எப்போது சாப்பிட்டோம் என்று சொல்ல வேண்டும். கூடவே சர்க்கரை, பி12, தைராய்டு ஆகியவற்றையும் பார்ப்பார்கள், ஏனென்றால் கால் மரப்புக்கு அவைதான் அடிக்கடி காரணம்.

காசநோய்க்கு ஐசோநியசிட் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு கூடத் தரும் பி6-ஐ நிறுத்திவிடக் கூடாது. அந்த மருந்து உடலிலுள்ள பி6-ஐக் குறைத்து நரம்பைக் கெடுக்கும். அதைத் தடுக்கத்தான் தருகிறார்கள். கர்ப்ப வாந்திக்கும் சில பிறவி வலிப்புக்கும் டாக்டர் கணக்கிட்டுத் தரும் பி6-ம் அப்படியே.

நீங்களாக வாங்கிச் சாப்பிட்டது என்றால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். நிறுத்தியதும் முதல் இரண்டு மூன்று வாரங்களில் எரிச்சல் கூடலாம். அது இந்தப் பாதிப்பின் வழக்கம். அதைப் பார்த்துப் பயந்து, நரம்பு பலவீனம் என்று மறுபடியும் அதே மாத்திரையை எடுத்துவிடாதீர்கள். பெரும்பாலோருக்கு மாதக்கணக்கில் மெல்லச் சரியாகிறது; சிலருக்கு மரப்பு கொஞ்சம் தங்கிவிடுகிறது. டாக்டரிடம் போகும்போது பெயர்களை ஞாபகத்திலிருந்து சொல்லாமல், வீட்டிலுள்ள சத்து மாத்திரை டப்பா, பவுடர், அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மேஜையில் வையுங்கள்.