தவறான முகவரிக்குப் போன மின்னஞ்சல்: முதல் பத்து நிமிடங்கள்

2014 நவம்பர் 7. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஜி20 மாநாடு தொடங்க ஒரு வாரமே இருந்தது. மாநாட்டுக்கு வரும் 31 உலகத் தலைவர்களின் விவரங்கள் அடங்கிய மின்னஞ்சல் ஒன்றை அந்நாட்டுக் குடிவரவுத் துறை ஊழியர் ஒருவர் அனுப்பினார். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், விசா எண் என எல்லாம் அதில் இருந்தன. ஒபாமா, புதின், மெர்கல், நரேந்திர மோடி ஆகியோரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். மின்னஞ்சல் போய்ச் சேர்ந்த இடமோ ஆசியக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் ஏற்பாட்டுக் குழு.

காரணம் மிகச் சிறியது. பெறுநர் கட்டத்தில் சில எழுத்துகளைத் தட்டியதும் அவுட்லுக் மென்பொருள் பழைய முகவரி ஒன்றைத் தானாக நிரப்பியது. நிரம்பியது யாருடைய முகவரி என்று பார்க்காமலேயே அனுப்பும் பொத்தான் அழுத்தப்பட்டுவிட்டது.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை, தவறு மேலதிகாரியின் காதுக்குப் போய்விட்டது. தவறாகப் பெற்றவர் மின்னஞ்சலை அழித்தார்; அழித்தவை சேரும் ஃபோல்டரையும் காலி செய்தார். அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது. அடுத்து எடுத்த முடிவில்தான் துறை சறுக்கியது. சம்பந்தப்பட்ட தலைவர்களுக்கு இதைத் தெரிவிக்கத் தேவையில்லை என்று அது கருதியது. 2015 மார்ச்சில் கார்டியன் நாளிதழ் வழியாகத்தான் செய்தி உலகுக்குத் தெரிந்தது.

தவறான ஆளுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்ட எவரும் இந்த நிகழ்வின் இரு பாதிகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் பாதி செய்ய வேண்டியதைக் காட்டுகிறது; இரண்டாம் பாதி செய்யக் கூடாததைக் காட்டுகிறது.

அனுப்பியது தவறு என்று தெரிந்ததும் பலரின் கை முதலில் தேடுவது திரும்பப் பெறும் வசதியைத்தான். அவுட்லுக்கில் அதற்கு ரீகால் என்று பெயர். அது ஏன் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை என்பதற்கு விடை, மின்னஞ்சல் பயணம் செய்யும் முறையில் இருக்கிறது. 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி என்ற விதிமுறையின் வழிவந்த ஏற்பாட்டில்தான் இன்றும் மின்னஞ்சல் இயங்குகிறது. அனுப்பும் கணினி கடிதம் முழுவதையும் ஒப்படைத்துவிட்டு, முடிந்தது என்பதற்கு அடையாளமாகத் தனி வரியில் ஒரு புள்ளி வைக்கிறது. பெறும் கணினி `250 OK` என்று பதில் சொல்கிறது. இந்தக் கடிதத்துக்கு இனி நானே பொறுப்பு என்பதுதான் அந்தப் பதிலின் பொருள். அந்த நொடியிலிருந்து கடிதம் பெறுநரின் சர்வரில் இருக்கிறது. அங்கிருந்து அதை எடுக்கும்படி அனுப்பியவர் ஆணையிட அந்த விதிமுறையில் இடமே இல்லை.

ரீகால் வேலை செய்வது ஒரே நிறுவனத்துக்குள் மட்டும்தான். அனுப்புபவர், பெறுபவர் இருவரின் அஞ்சல் பெட்டியையும் ஒரே நிர்வாகம் வைத்திருப்பதால் அது சாத்தியமாகிறது. பழைய அவுட்லுக்கில் பெறுநர் படித்துவிட்டால் அதுவும் முடியாது. 2023இல் மைக்ரோசாஃப்ட் இதைத் திருத்தியமைத்தது. இப்போது படித்த கடிதத்தையும் திரும்ப எடுக்க முடிகிறது, ஆனால் அதே நிறுவன எல்லைக்குள். வெளியாளுக்குப் போன கடிதத்தில் ரீகாலை அழுத்தினால், இன்னார் இந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற விரும்புகிறார் என்று இன்னொரு கடிதம்தான் அவருக்குப் போகக்கூடும். முதல் கடிதத்தைக் கவனிக்காதவரும் அப்போது தேடிப் பிடித்துப் படிப்பார். எனவே அலுவலகத்துக்குள் என்றால் உடனே ரீகால் செய்யலாம். வெளியே போய்விட்டால் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ஜிமெயிலில் உள்ள `Undo Send` வேறு வகை. அது எதையும் திரும்ப அழைப்பதில்லை. பொத்தானை அழுத்திய பிறகு 5 முதல் 30 நொடி வரை கடிதத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். அந்த நொடிகள் கடந்துவிட்டால் `250 OK` கதைதான்.

ஆகவே கணினியால் ஆகாததை மனிதரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். கேட்பதில் ஒரு முறை உண்டு. பெறுநரின் எண் தெரிந்தால் தொலைபேசியில் அழைப்பதே சிறந்தது. அவர் கடிதத்தைத் திறப்பதற்கு முன்பே எட்டிவிட வாய்ப்பு உண்டு. எண் இல்லையென்றால் புதிய மின்னஞ்சல் ஒன்று எழுத வேண்டும். பழைய கடிதத்துக்கே பதிலாக அனுப்பினால் அதன் உள்ளடக்கம் மறுபடியும் அவரிடம் போய்ச் சேரும். எழுதுவது இப்படி இருந்தால் போதும்: "இன்று காலை 10.40க்கு நான் அனுப்பிய மின்னஞ்சல் உங்களுக்கானது அல்ல. தவறு என்னுடையது. தயவுசெய்து அதிலுள்ள கோப்பைத் திறக்காமல், யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள். டிராஷ் ஃபோல்டரிலிருந்தும் நீக்கிவிட்டு, நீக்கியதாக ஒரு வரி பதில் அனுப்புங்கள்." நேரத்தைக் குறிப்பிடுவது எந்தக் கடிதம் என்பதில் குழப்பம் வராமல் இருக்க. டிராஷைக் குறிப்பிடுவதற்கும் காரணம் உண்டு: ஜிமெயிலில் அழித்த கடிதம் 30 நாள் வரை அங்கேயே கிடக்கும். அந்த ஒரு வரி பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் விசாரணை என்று வந்தால் கையில் இருக்கும் சான்று அது ஒன்றுதான்.

கோப்பை இணைக்காமல் கூகுள் டிரைவ் அல்லது ஒன்டிரைவ் இணைப்பாக அனுப்பியிருந்தால் நிலைமை நல்லது. கோப்பு இன்னும் அனுப்பியவரிடமே இருக்கிறது. பகிர்வு அனுமதியை நீக்கினால் கதவு மூடிவிடும். அதற்குள் யாரும் பதிவிறக்கியிருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. எனவே இணைப்பாக அனுப்பியவர்கள் மன்னிப்புக் கடிதம் எழுதுவதற்கு முன்பே அனுமதியை நீக்கிவிட வேண்டும்.

ஒரே ஆளுக்குத் தவறாகப் போனதை இப்படிச் சமாளிக்கலாம். பலருக்கு ஒரே நேரத்தில் போய்விட்டால் சிக்கல் பன்மடங்காகும். அதன் கொடூரமான உதாரணம் 2021 செப்டம்பரில் பிரிட்டனில் நடந்தது. காபூல் தாலிபான்களின் கைக்குப் போன பிறகு, பிரிட்டிஷ் படைகளுடன் பணியாற்றிய ஆப்கானியர்களை இடம்பெயர்க்கும் பணி நடந்துகொண்டிருந்தது. பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து அவர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல்களில், மறைவாகப் போட வேண்டிய பிசிசி கட்டத்துக்குப் பதிலாக எல்லோருக்கும் தெரியும் கட்டத்தில் முகவரிகள் போடப்பட்டன. மொத்தம் 265 முகவரிகள் வெளியாயின. அவர்களில் பலர் ஒளிந்து வாழ்ந்தவர்கள். இருவர் பதறிப்போய் ரிப்ளை ஆல் அழுத்திப் பதில் எழுதினார்கள். அதில் ஒருவர் தான் இருக்கும் இடத்தையும் அந்தப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் சொல்லிவிட்டார்.

அமைச்சகம் அதன்பின் செய்தது கவனிக்கத் தக்கது. மின்னஞ்சலை அழிக்கச் சொன்னதோடு நிற்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களிடம் நடந்ததைச் சொல்லி, தங்கள் மின்னஞ்சல் முகவரியையே மாற்றிக்கொள்ளவும், புதிய முகவரியைப் பாதுகாப்பான படிவம் வழியாகத் தெரிவிக்கவும் கேட்டது. கசிந்த தகவலைப் பயனற்றதாக்கும் வழி அது. கடவுச்சொல் போனால் மாற்றுவது, வங்கி அட்டை எண் போனால் அட்டையை முடக்குவது எல்லாம் இதே வழிதான். பாதிக்கப்பட்டவருக்குச் சொன்னால் மட்டுமே அவரால் இதைச் செய்ய முடியும். பிரிஸ்பேன் விஷயத்தில் குடிவரவுத் துறை தவறவிட்டது இதைத்தான். ஆப்கானியர்களின் தகவல் கசிந்ததற்காகப் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2023 டிசம்பரில் அமைச்சகத்துக்கு 3,50,000 பவுண்டு அபராதம் விதித்தது.

மற்றவர்களின் சொந்த விவரங்கள் தவறிப்போனால் அது அனுப்பியவரின் தனிப்பட்ட விஷயம் அல்ல. அலுவலகத்தில் மேலாளரிடமும் ஐடி பிரிவிடமும் உடனே சொல்லியாக வேண்டும். ஐரோப்பியச் சட்டப்படி, ஆபத்து உண்டாக்கக்கூடிய கசிவை நிறுவனம் 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்பிடம் அறிவிக்க வேண்டும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தற்செயலான வெளிப்படுத்தலைக் கசிவாகவே கணக்கில் எடுக்கிறது. வாரியத்துக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவிக்கச் சொல்கிறது. ஊழியர் பயந்து ஒருநாள் மறைத்தால் நிறுவனத்தின் அவகாசம்தான் கரையும். தவறு செய்தவரைத் திட்டாத மேலாளரிடம்தான் செய்தி பத்து நிமிடத்தில் வந்து சேரும் என்பதை மேலாளர்களும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி, ரகசியம் எதுவும் இல்லாத, சங்கடம் மட்டுமே தரும் ரிப்ளை ஆல். ஒருவருக்கு எழுதிய "சரி, பார்க்கிறேன்" அலுவலகம் முழுவதற்கும் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது செய்ய வேண்டியது எதுவும் இல்லை. "மன்னிக்கவும், தவறாக அனுப்பிவிட்டேன்" என்று எல்லோருக்கும் இன்னொரு கடிதம் அனுப்புவது தொல்லையை இரட்டிப்பாக்கும். பிரிட்டனின் பொதுச் சுகாதார அமைப்பில் 2016 நவம்பர் 14 அன்று காலை ஒரு சோதனை மின்னஞ்சல் தவறுதலாக சுமார் 8,40,000 ஊழியர்களுக்குப் போனது. அதுமட்டும் என்றால் ஒன்றும் ஆகியிருக்காது. "இதை எனக்கு ஏன் அனுப்பினீர்கள்", "என்னைப் பட்டியலிலிருந்து எடுங்கள்" என்று சிலர் எல்லோருக்கும் பதில் எழுதத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பதிலும் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகளாகப் பெருகியதில் மருத்துவமனைகளின் அஞ்சல் சேவை மந்தமானது. 2020இல் மைக்ரோசாஃப்ட் இதற்கென ஒரு தடுப்பைக் கொண்டுவந்தது: 5,000 பேருக்கு மேல் உள்ள தொடரில் ஒரு மணி நேரத்துக்குள் பத்து ரிப்ளை ஆல் வந்தால், அடுத்த நான்கு மணி நேரத்துக்கு அந்தத் தொடரில் அப்படிப் பதில் அனுப்ப முடியாது.

சங்கடத்தின் அளவையும் மனம் பெரிதாக்கிக் காட்டுகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிலோவிச்சும் உடன் பணியாற்றியவர்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், கூச்சம் தரும் படம் போட்ட டி-ஷர்ட்டுடன் மாணவர்களைச் சகமாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் ஏறக்குறைய பாதிப் பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறக்குறைய அதில் பாதிதான்.

கடிதத்தில் யாரையாவது புண்படுத்தும் சொல் இருந்தால் மட்டும் மௌனம் ஆகாது. அப்போதும் மன்னிப்பு அந்த ஒருவருக்கே போக வேண்டும், முடிந்தால் நேரில். ராய் லெவிக்கியும் சக ஆய்வாளர்களும் 755 பேரிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, மன்னிப்பில் அதிக எடை உள்ள பகுதி தவறு என்னுடையது என்று ஒப்புக்கொள்வது; அடுத்தது அதைச் சரிசெய்வதாகச் சொல்வது. மன்னித்துவிடுங்கள் என்று கேட்பதற்கு ஆகக் குறைந்த இடமே கிடைத்தது. "ஆட்டோஃபில் செய்த வேலை" என்று மென்பொருள்மேல் பழிபோட்டுத் தொடங்கும் கடிதம் முதல் வரியிலேயே தோற்றுவிடும்.

மின்னஞ்சல் போலன்றி, வாட்ஸ்அப்பில் தவறான குழுவுக்குப் போனதை இரண்டு நாள் 12 மணி நேரம் வரை எல்லோருக்கும் சேர்த்து அழிக்கலாம். அவசரத்தில் தனக்கு மட்டும் அழித்துவிட்டால், திரையின் கீழே சில நொடிகள் தெரியும் `Undo` பொத்தானை அழுத்திவிட்டு மறுபடி சரியாக அழிக்க வேண்டும்.

அடுத்த முறை இப்படி நடக்காமல் இருக்க, அவுட்லுக்கில் பெயர் தட்டும்போது தவறான முகவரி தலைகாட்டினால், அதன் ஓரத்தில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி அதை நீக்கிவிடுங்கள். ஜிமெயிலில் `Settings` சென்று `See all settings` திறந்தால் `General` பக்கத்தில் `Undo Send` இருக்கும். சொந்தமாக மாற்றாதவரை அதில் 5 நொடிதான். இன்றே அதை 30 ஆக்கிவிடுங்கள்.