காலத்தைச் சுமக்கும் ‘படு’

‘தச்சர் கதவை உடைத்திருந்தார்.’ இதைச் செயப்பாட்டுவினையாக மாற்றச் சொன்னால், ‘கதவு தச்சரால் உடைக்கப்பட்டது’ என்று எழுதும் மாணவர்கள் ஏராளம். படிக்கும்போது குறையே தெரியாது. ‘ஐ’ போயிற்று, ‘ஆல்’ வந்தது, ‘படு’ சேர்ந்தது. ஆனாலும் விடை தவறு. உடைத்து முடித்திருந்த நிலையைச் சொன்ன ‘இருந்தார்’ வழியில் காணாமல்போய்விட்டது. ‘கதவு தச்சரால் உடைக்கப்பட்டிருந்தது’ என்பதே சரி.

இது ஏன் இவ்வளவு எளிதாக நழுவுகிறது? ‘உடைத்தார்’ என்ற ஒரே சொல்லுக்குள் செயல், காலம், செய்தவர் மூன்றும் இருக்கின்றன. செயப்பாட்டுவினையில் அந்தச் சொல் இரண்டாகிறது. ‘உடைக்க’ என்ற முதல் பாதி செயலை மட்டும் சொல்லும். அதில் காலமே இல்லை. காலம் முழுவதும் ‘படு’வின் தலையில் வந்து விழுகிறது. ‘படு’வோ இரட்டித்து ‘பட்டது’ என்றால் இறந்தகாலம். ‘படுகிறது’ என்றால் நிகழ்காலம். ‘படும்’ என்றால் எதிர்காலம். ‘இருந்தது’, ‘கொண்டிருக்கிறது’ போன்ற துணைவினைகளும் ‘பட்டு’ என்பதற்குப் பிறகுதான் வரவேண்டும். ‘எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்பது ‘எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது’ என்றாகும். நீளமாக இருக்கிறதே என்று ‘எழுதப்படுகிறது’ எனச் சுருக்கினால், நடந்துகொண்டிருக்கும் வேலை என்ற தெளிவு போய்விடும்.

விகுதி மட்டும் மாறித்தான் ஆகவேண்டும். ‘ஆசிரியர் என்னை அழைத்தார்’ என்பது ‘நான் ஆசிரியரால் அழைக்கப்பட்டேன்’ என்றாகும். ‘ஆர்’ போய் ‘ஏன்’ வருவது முறை. இறந்தகாலம் போவது பிழை. எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்காமல் ‘படு சேர்’ என்று மட்டும் சொல்லும் பாடம் அரைகுறைப் பாடம்.

வினையே மாறிவிடும் பிழை இன்னும் நுட்பமானது. ‘உடை’ என்பதில் இரண்டு வினைகள் இருக்கின்றன. தானே உடைவது ஒன்று: உடைகிறது, உடைந்தது, உடைய. ஒருவர் உடைப்பது மற்றொன்று: உடைக்கிறார், உடைத்தார், உடைக்க. ‘கதவு தச்சரால் உடையப்பட்டது’ என்று எழுதினால் முதல் வினை உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள். ஒரு ‘க்க’ செய்த வேலை! ‘அரசு திட்டத்தைச் செயல்படுத்தியது’ என்பதற்கு ‘திட்டம் அரசால் செயல்பட்டது’ என்று விடை எழுதுவதும் இதே கதைதான். அங்கே ஒரு ‘படு’ ஏற்கெனவே இருப்பதால், வேலை முடிந்துவிட்டதாக மனம் ஏமாறுகிறது. ‘செயல்படுத்தப்பட்டது’ என்று இன்னொரு ‘படு’ வரவேண்டும்.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. எழுதிய விடையை மறுபடி செய்வினையாக மாற்றுங்கள். ‘உடைக்கப்பட்டது’ என்பது ‘உடைத்தார்’ என்றுதான் திரும்பும்; கேள்வியில் இருந்ததோ ‘உடைத்திருந்தார்’. ‘செயல்பட்டது’ என்பதோ திரும்பவே திரும்பாது. விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வாக்கியம் முழுவதையும் அடிக்காதீர்கள். காலம் நழுவிய இடத்தை மட்டும் வட்டமிட்டுக் காட்டுங்கள்.