கடைசிப் பையன் எங்கே போனான்?

ஒரு சிலம்பக் கூடத்தின் பேஸ்புக் பக்கத்துக்குக் கவர் போட்டோ மாற்றவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆசானும் பெரிய மாணவர்களும் பின்வரிசை. முன்வரிசையின் இடது கோடியில் கூடத்திலேயே இளையவன். கம்ப்யூட்டரில் படத்தை ஏற்றிப் பார்க்கும்போது எல்லாரும் இருக்கிறார்கள். போனில் திறந்தால் சின்னவனின் முகம் இருந்த இடத்தில் கூடத்தின் முத்திரை உட்கார்ந்திருக்கிறது. வட்டமான புரொஃபைல் படம் அவனை மூடிவிட்டது.

ஒரே படத்தைப் பேஸ்புக் இரண்டு விதமாக வெட்டிக் காட்டுவதுதான் இதற்குக் காரணம். பக்கங்களுக்கு அது நெடுங்காலமாகச் சொல்லிவந்த அளவு, கம்ப்யூட்டரில் 820க்கு 312 பிக்சல், போனில் 640க்கு 360. முதலாவது நீளப் பட்டை. இரண்டாவது உயரம் கூடிய 16:9 சட்டம். வட்டமும் இரண்டிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. கம்ப்யூட்டரில் அது படத்தின் கீழ் விளிம்பை லேசாகத் தொட்டு நிற்கும். போனிலோ இடது கீழ் மூலையில் படத்துக்குள் நன்றாக ஏறிவிடும். அதனால் கம்ப்யூட்டரில் மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஏமாற வேண்டியதுதான்.

இரண்டு திரைகளிலும் வெட்டுப்படாமல், வட்டத்திலும் மாட்டாமல் மிஞ்சும் இடமே பாதுகாப்பான பகுதி. முகங்களும் எழுத்துகளும் அதற்குள் இருக்கவேண்டும். அதைக் கண்டுபிடிக்க, படத்தை முதலில் 16:9 அளவில் வெட்டுங்கள். போன் அதை முழுதாகக் காட்டும். கம்ப்யூட்டர் மேலும் கீழும் கொஞ்சம் நறுக்கும். நீளப் பட்டையாகவே வெட்டி ஏற்றினால், போன் உயரத்தை நிரப்புவதற்காக 820 பிக்சலில் பக்கத்துக்குச் சுமார் 130ஐ வெட்டிவிடும். வரிசையின் இரு கோடியில் நிற்பவர்களும் காணாமல் போவார்கள்.

வட்டத்தின் இடத்தை நீங்களே அளப்பது நல்லது. வடிவமைப்பு மாறும்போது அதுவும் நகரும். உங்கள் பக்கத்தைப் போனில் திறந்து ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். கவர் போட்டோவின் மேல் விளிம்பிலிருந்து வட்டத்தின் உச்சி எவ்வளவு கீழே இருக்கிறது, இடது ஓரத்திலிருந்து அதன் வலது விளிம்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற இரண்டு அளவுகள் போதும். வட்டத்தைச் சுற்றியுள்ள வெள்ளை வளையத்தையும் சேர்த்தே அளக்கவேண்டும்.

சிலம்பக் கூடத்தின் படம் 4000க்கு 3000 பிக்சல். 16:9 சட்டம் என்றால் அகலம் அதே 4000, உயரம் 2250. இதில் கம்ப்யூட்டர் காட்டுவது நடுவிலுள்ள 1522 மட்டும். மேலே 364, கீழே 364 போய்விடும். ஸ்க்ரீன்ஷாட்டின் அகலம் 1080, அதில் வட்டத்தின் உச்சி 390இல் இருக்கிறது என்றால், ஒவ்வொரு பிக்சலும் நம் படத்தில் 3.7க்குச் சமம். ஆக, இடது பக்கத்தில் நிற்பவரின் முகம் சட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து 1440க்குள் முடிந்துவிடவேண்டும்.

மூலப்படத்தில் சின்னவனின் மோவாய் 2000இல் இருக்கிறது. ஆசானின் தலைமுடி 1000இல் தொடங்குகிறது. சின்னவன் வட்டத்துக்கு மேலே வர, சட்டம் 560க்குக் கீழே தொடங்கவேண்டும். ஆசானின் தலை கம்ப்யூட்டரில் வெட்டுப்படாதிருக்க, அது 636ஐத் தாண்டக்கூடாது. 600இல் தொடங்கினால் இருவரும் தப்பினார்கள். ஓங்கிப் பிடித்த கம்புகளின் நுனி கம்ப்யூட்டரில் போகும், அதை விட்டுக்கொடுக்கலாம்.

இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் இடமே கிடைக்காத படங்களும் உண்டு. அப்போது படத்தை இடவலமாகத் திருப்பலாமே என்று தோன்றும். ஆனால் பின்னால் கட்டிய பேனரின் எழுத்துகளும் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிவிடும். புடவைத் தலைப்பு தோள் மாறும். நடராசர் தூக்கிய கால் வலதாகிவிடும். அதைவிட, இடது பக்கம் வெறும் சுவரோ வானமோ உள்ள வேறொரு படத்தை எடுப்பதே மேல். புதிதாக எடுப்பதானால் எல்லாரையும் ஓரடி வலப்பக்கம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

எக்ஸ் தளத்தின் 1500க்கு 500 அளவுப் படத்திலும் லிங்க்டுஇன்னின் 1584க்கு 396 அளவுப் படத்திலும் வட்டம் இடது கீழ் மூலையில்தான் விழுகிறது. இதே ஸ்க்ரீன்ஷாட் கணக்கு அங்கும் செல்லும். படத்தை ஏற்றியதும் வேறொருவர் போனில் பார்த்துவிடுங்கள். உங்கள் கணக்கில் திறந்தால் திருத்துவதற்கான பொத்தான்களும் படத்தின் மேல் நிற்கும். மற்றவர்களுக்குத் தெரிவதை அது காட்டாது.